25 ஜிபி 17 நாளில் தீர்ந்தது எப்படி: டேட்டா யூசேஜ் திரையைப் படித்துப் பார்த்த பதிவு

எடுத்துக்கொண்ட போன் ஓர் ஆண்ட்ராய்டு. 28 நாளுக்கு மொத்தமாக 25 ஜிபி தரும் ப்ரீபெய்டு பிளான். தினசரி அளவு எதுவும் கிடையாது. இருப்பதை எப்படி வேண்டுமானாலும் செலவழித்துக்கொள்ளலாம். பிளான் 2025 மார்ச் 9 அன்று தொடங்கியது. மார்ச் 25 இரவு டேட்டா தீர்ந்துவிட்டதாக எஸ்எம்எஸ் வந்தது. கையில் இன்னும் 11 நாள் மிச்சம்.

வீட்டில் எல்லோரும் சொன்ன காரணம் யூடியூப். திரையைத் திறந்ததும் அதுவும் அப்படித்தான் சொன்னது. ஆனால் அந்தத் திரை எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறது என்று பார்க்காமல் அது காட்டும் எண்ணை நம்பக்கூடாது.

சுத்தமான ஆண்ட்ராய்டில் Settings, Network & internet, SIMs வழியாகப் போய் சிம்மைத் தட்டினால் App data usage என்று ஒரு வரி இருக்கும். சாம்சங்கில் Settings, Connections, Data usage, Mobile data usage என்று போக வேண்டும். பக்கத்திலேயே வைஃபைக்கும் இதே மாதிரி ஒரு திரை உண்டு. அவசரத்தில் அதைத் திறந்து 80 ஜிபி என்று பார்த்துப் பதறுகிறவர்கள் நிறைய. வைஃபை கணக்குக்கும் ரீசார்ஜுக்கும் சம்பந்தமில்லை. இரண்டு சிம் போட்ட போனில் கணக்கு சிம் வாரியாகத் தனித்தனியே ஓடும். டேட்டா தீர்ந்த சிம்மின் திரைதானா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேதி

திரையின் மேலே இருந்தது மார்ச் 1 முதல் என்ற கணக்கு. மொத்தம் 31.1 ஜிபி. பட்டியலில் முதலிடம் யூடியூப், 10.6 ஜிபி. இரண்டாவது கூகுள் போட்டோஸ், 9.7 ஜிபி.

25 ஜிபி பிளானில் 31.1 ஜிபி எப்படிச் செலவாகும்? ஆகாது. இந்தப் போன் நாமாக மாற்றும் வரை மாதத்தின் முதல் தேதியிலிருந்தே எண்ணிக்கொண்டிருக்கும். நாம் என்றைக்கு ரீசார்ஜ் செய்தோம் என்பது அதற்குத் தெரியாது. ஆக இந்த 31.1க்குள் மார்ச் 1 முதல் 8 வரை பழைய பிளானில் செலவானதும் கலந்திருக்கிறது.

சரிசெய்யும் இடம் Data warning & limit என்ற பக்கம் (சாம்சங்கில் Billing cycle and data warning). அங்கே மாதச் சுழற்சி தொடங்கும் தேதியை 9 என்று வைத்ததும் எண்கள் மாறின. போன் பழைய பதிவுகளை அழிப்பதில்லை, அதே பதிவுகளைப் புதிய தேதியிலிருந்து கூட்டிக் காட்டுகிறது. அதனால் டேட்டா தீர்ந்தபிறகு தேதியை மாற்றினாலும் பலன் உண்டு.

மார்ச் 9 முதல் 25 வரை மொத்தம் 24.1 ஜிபி. அதன் பிரிவு:

கூகுள் போட்டோஸ் 9.3
யூடியூப் 6.2
ஹாட்ஸ்பாட் 3.9
வாட்ஸ்அப் 2.0
இன்ஸ்டாகிராம் 1.3
பிளே ஸ்டோர் 0.8
மற்றவை 0.6

முதல் எட்டு நாளில் யூடியூப் 4.4 ஜிபி தின்றிருந்தது, போட்டோஸ் வெறும் 0.4. அந்தப் பழைய 4.4தான் யூடியூப்பை மேலே தூக்கி வைத்திருந்தது. தேதியைத் திருத்தாமல் விட்டிருந்தால் யூடியூப்பை முடக்கிவிட்டு அடுத்த மாதமும் இதே இடத்தில் வந்து நின்றிருப்போம்.

இதில் இன்னொரு சிக்கல். சுத்தமான ஆண்ட்ராய்டுக்கு 28 நாள் சுழற்சி என்று ஒன்று தெரியாது. மாதாமாதம் ஒரே தேதிதான். மார்ச் 9ல் தொடங்கிய பிளான் ஏப்ரல் 5ல் முடியும், அடுத்தது ஏப்ரல் 6ல் தொடங்கும், அதற்கடுத்தது மே 4. ஆகவே ஒவ்வொரு ரீசார்ஜின்போதும் இந்தத் தேதியைக் கையால் மாற்ற வேண்டும். போஸ்ட்பெய்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, பில் தேதியை ஒருமுறை போட்டால் போதும்.

சிம் கம்பெனி 25 தீர்ந்தது என்கிறது, போன் 24.1 என்கிறது. இந்த 0.9 எங்கே என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு ஜிபி என்பதை ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குவதா, 1024ஆகப் பெருக்குவதா என்பதிலேயே 7 சதவீத வித்தியாசம் வந்துவிடும். 10 சதவீதத்தைத் தாண்டினால்தான் வேறு காரணம் பார்க்கணும்: சிம் சில நாள் வேறு போனிலோ டாங்கிளிலோ இருந்ததா, போனை நடுவில் ரீசெட் செய்தோமா என்று. ரீசெட் செய்திருந்தால் அதற்கு முந்தைய கணக்கு போனில் இருக்காது.

கோடு எங்கே செங்குத்தாகிறது

பட்டியலுக்கு மேலே ஒரு வரைபடம் இருக்கும். அதைத் தினசரி செலவு என்று படிப்பவர்கள் உண்டு. சுத்தமான ஆண்ட்ராய்டில் அது கூட்டுத்தொகை. அன்றுவரை மொத்தம் எவ்வளவு என்பதால் கோடு ஏறிக்கொண்டே போகும், இறங்காது. பார்க்க வேண்டியது உயரத்தை அல்ல, சரிவை. சீராக ஏறும் கோடு அன்றாடப் பழக்கம். திடீரென்று சுவர் போல நிமிரும் இடத்தில்தான் ஏதோ நடந்திருக்கிறது.

இந்தப் போனில் கோடு இரண்டு இடத்தில் நிமிர்ந்தது. மார்ச் 13 இரவு வரை ஏறக்குறைய 3.9 ஜிபி. மார்ச் 16 இரவில் அது 14. பிறகு 19 வரை பழையபடி மெதுவாக ஏறி 16.3. மார்ச் 20 ஒரே நாளில் 20.2க்குத் தாவல். அதன்பின் மறுபடி மெதுவாக ஏறி 24.1. கண்ணால் பார்த்து இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது. வரைபடம் நாளைக் காட்டியது, எண்ணைக் கம்பெனி ஆப்பில் உள்ள அன்றாடச் செலவுப் பட்டியலை வைத்து, போனின் 24.1க்கு ஏற்பக் கணக்கிட்டோம். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை ஆகும். ஆப் பெயர் கம்பெனிக்குத் தெரியாது, போன் திரையில் அன்றாட எண் கிடைப்பது கடினம்.

இரண்டு தாவல்களையும் கழித்தால் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் முக்கியமான கணக்கு. முதல் தாவலில் போட்டோஸ் மட்டும் 7.8 ஜிபி, இரண்டாவதில் ஹாட்ஸ்பாட் 3.2 ஜிபி என்று பின்னர் தெரிந்தது. 24.1லிருந்து இந்த 11ஐக் கழித்தால் 13.1. அதை 17 நாளால் வகுத்தால் நாளுக்கு 0.77 ஜிபி. பிளான் தாங்குவது 25ஐ 28ஆல் வகுத்த 0.89. அதாவது யூடியூப் உட்பட வீட்டின் வழக்கமான செலவு பிளானுக்குள் அடங்குகிறது. 28 நாளுக்கும் 21.6 ஜிபிதான் ஆகியிருக்கும். பழக்கத்தை மாற்றத் தேவையில்லை. அந்த இரண்டு தாவல்களை நிறுத்தினால் போதும்.

முதல் தாவல்: போட்டோஸ்

பட்டியலில் ஆப்பைத் தட்டினால் அதன் செலவு இரண்டாகப் பிரிந்து தெரியும்: Foreground, Background. நாம் ஆப்பைத் திறந்து வைத்துப் பயன்படுத்தும்போது ஆனது முதலாவது. நாம் வேறு வேலையில் இருக்கும்போது, அல்லது போன் மேசையில் கிடக்கும்போது ஆப் தானாகச் செய்தது இரண்டாவது. போட்டோஸில் முதலாவது 0.2 ஜிபி, இரண்டாவது 9.1 ஜிபி. யூடியூப்பில் நேர்மாறு, 6.2ல் 6.1 ஜிபி திறந்து பார்த்ததுதான். யூடியூப் செலவு பார்த்தவருக்குத் தெரியும். போட்டோஸ் செலவு யாருக்கும் தெரியாது.

மார்ச் 14 அன்று வீட்டில் ஒரு விசேஷம். அன்று எடுத்த வீடியோக்கள் 4கே தரத்தில் இருந்தன. போட்டோஸில் ஒரு வீடியோவைத் திறந்து மேலே தள்ளினால் அதன் அளவு தெரியும். இவை நிமிடத்துக்குச் சுமார் 360 எம்பி. அப்படியானால் ஏறக்குறைய 22 நிமிட வீடியோ 7.8 ஜிபி ஆகிவிடும். போனிலிருந்து கூகுள் கணக்குக்கு மேலே ஏற்றியதுதானே, இதுவுமா கழியும் என்று கேட்பார்கள். கழியும். ஏற்றினாலும் இறக்கினாலும் பிளானிலிருந்து போவது ஒரே கணக்குத்தான்.

உறுதிசெய்ய கம்ப்யூட்டர் இணைத்துப் பார்ப்பது கட்டாயமில்லை. ஆனால் வீட்டில் யாராவது "நான் அன்னைக்கு ராத்திரி போனையே தொடல" என்று சொல்லும்போது மணிக்கணக்கோடு காட்ட இதைவிட நல்ல வழி கிடையாது. போனில் யூஎஸ்பி டீபக்கிங் இயக்கி, போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி கருவியை நிறுவிய கம்ப்யூட்டரில்:

```
adb shell "pm list packages -U | grep apps.photos"
adb shell dumpsys netstats detail full > netstats.txt
```

முதல் கட்டளை போன் அந்த ஆப்புக்குக் கொடுத்திருக்கும் uid எண்ணைத் தரும், இங்கே 10187. இரண்டாவது ஒரு நீளமான கோப்பைத் தரும். அதில் மொபைல் இணைப்புக்கான பகுதியை (type=MOBILE அல்லது புதிய போன்களில் type=0) தேடி, அதற்குள் uid=10187 உள்ள இடத்தைப் பாருங்கள். அங்கே set=DEFAULT என்று இருப்பது பின்னணிச் செலவு. அதன் கீழே இப்படி வரிகள் ஓடும்:

```
bucketDuration=7200
st=1741982400 rb=21406233 rp=... tb=1903442117 tp=...
```

போன் ஒவ்வோர் ஆப்பின் செலவையும் 7200 விநாடி, அதாவது இரண்டு மணிநேரக் கட்டங்களாகப் போட்டு வைக்கிறது. st என்பது கட்டம் தொடங்கிய நேரம், rb இறக்கியது, tb ஏற்றியது, இரண்டும் பைட்டில். மேலே உள்ள வரி மார்ச் 15 அதிகாலை 1.30 முதல் 3.30 வரை. அந்த இரண்டு மணிநேரத்தில் இறக்கியது 21 எம்பி, ஏற்றியது 1.9 ஜிபி. (கட்டங்கள் உலகப் பொது நேரத்தில் இரட்டைப்படை மணிக்குத் தொடங்குவதால் நம் நேரத்தில் எப்போதும் 1.30, 3.30, 5.30 என்றுதான் வரும். நேரத்தைத் தப்பாக மாற்றிவிட்டோமோ என்று குழம்ப வேண்டாம்.) tb இவ்வளவு பெரிதாக, rb இவ்வளவு சிறிதாக இருந்தால் அது பேக்கப். யாரோ வீடியோ பார்த்தது அல்ல.

சரிசெய்தது போட்டோஸ் ஆப்புக்குள். மேலே உள்ள முகப்படத்தைத் தட்டி, செட்டிங்ஸில் Backup, அதற்குள் Mobile data usage. அங்கே ஒரு நாளைக்கு எவ்வளவு மொபைல் டேட்டா செலவழிக்கலாம் என்ற வரம்பு Unlimited என்று இருந்தது. வீடியோவையும் மொபைல் டேட்டாவில் ஏற்றும் சுவிட்சும் போடப்பட்டிருந்தது. வரம்பை டேட்டாவே வேண்டாம் என்ற நிலைக்கு மாற்றி, வீடியோ சுவிட்சை அணைத்தோம். இனி வைஃபை கிடைக்கும்போது மட்டும் ஏறும்.

டேட்டா யூசேஜ் திரையிலேயே ஆப்பின் Background data சுவிட்சை அணைத்தால் என்ன என்று தோன்றும். வேலை செய்யும். ஆனால் அது கண்மூடித்தனமான கத்தி. போட்டோஸுக்குப் பரவாயில்லை. அதே பழக்கத்தில் வாட்ஸ்அப்புக்கும் அணைத்தால், மொபைல் டேட்டாவில் இருக்கும்போது ஆப்பைத் திறக்கும் வரை செய்தி வராது, அழைப்பு வராது. நாலு நாள் கழித்து "உங்க போன் ஏன் எடுக்கவே மாட்டேங்குது" என்ற புகார் வரும், காரணம் யாருக்கும் நினைவிருக்காது. ஆப்புக்குள் அமைப்பு இருந்தால் அதைத்தான் முதலில் தொட வேண்டும்.

இரண்டாவது தாவல்: ஹாட்ஸ்பாட்

இந்த வரிதான் திரையிலேயே ஊமையான வரி. மொத்தம் 3.9 ஜிபி என்று சொல்லும். எந்தக் கருவி, எந்த ஆப் என்று சொல்லாது. போனுக்குத் தெரிவது யாரோ இணைந்தார்கள், இவ்வளவு போனது என்பது மட்டும். விவரம் இணைந்த கருவியிடம்தான் இருக்கும்.

மார்ச் 20 அன்று லேப்டாப் இணைக்கப்பட்டது, ஒரு படிவம் நிரப்ப, அரை மணிநேரத்துக்கு. பிறகு துண்டிக்க மறந்துபோனது. லேப்டாப்பில் விண்டோஸ் 11. அங்கே Settings, Network & internet, Advanced network settings, Data usage என்று போனால் கடந்த 30 நாளில் ஆப் வாரியான செலவு தெரியும்; மேலே ஹாட்ஸ்பாட்டின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் எல்லா வைஃபையும் கலந்து வரும். System என்ற வரியில் 2.9 ஜிபி. பிரௌசரில் 0.2. படிவம் நிரப்பியது 0.2க்குள் அடங்கிவிட்டது, மீதி விண்டோஸ் தன் அப்டேட்டை இறக்கியது.

லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட்டும் வீட்டு வைஃபையும் ஒன்றுதான். அளவில்லாத இணைப்பு கிடைத்தது என்று நினைத்து, தள்ளிப்போட்ட வேலையையெல்லாம் எடுத்துக்கொள்ளும். ஓர் ஆண்ட்ராய்டு போன் இன்னோர் ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட்டில் இணைந்தால், இது அளவுள்ள இணைப்பு என்ற சைகையை ஹாட்ஸ்பாட் போன் தானே அனுப்பிவிடும், இணைந்த போன் பெரும்பாலும் அடக்கமாக இருக்கும். லேப்டாப்பும் டிவியும் அந்தச் சைகையைக் கண்டுகொள்ளும் என்று நம்ப முடியாது. நாமே சொல்ல வேண்டும்.

ஹாட்ஸ்பாட்டில் இணைந்திருக்கும்போதே, லேப்டாப்பில் Network & internet, Wi-Fi, அந்த இணைப்பின் properties பக்கத்தில் Metered connection சுவிட்சைப் போட்டோம். அதன்பின் பெரும்பாலான அப்டேட்கள் வேறு வைஃபை கிடைக்கும் வரை காத்திருக்கும். இந்த அமைப்பு ஹாட்ஸ்பாட்டின் பெயரோடு ஒட்டியது. பெயரை மாற்றினாலோ, வேறு போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைந்தாலோ மறுபடி போட வேண்டும். போன் பக்கத்தில், யாரும் இணைந்திராவிட்டால் ஹாட்ஸ்பாட் தானாக அணையும் அமைப்பையும் போட்டோம். ஆனால் லேப்டாப் இணைந்தே கிடந்தால் அது உதவாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மிச்ச வரிகள்

வாட்ஸ்அப் 2.0 ஜிபி 17 நாளுக்குப் பெரிதல்ல. சந்தேகம் வந்தால் வாட்ஸ்அப்புக்குள்ளேயே Storage and data, Network usage என்ற பக்கத்தில் அழைப்பு, படம், ஸ்டேட்டஸ், பேக்கப் என்று பிரித்துக் காட்டும். ஆனால் அந்தக் கணக்கு வைஃபையையும் சேர்த்தது, கடைசியாக ரீசெட் செய்த நாளிலிருந்து ஓடுவது. போன் திரையில் உள்ள எண்ணோடு அதை நேராக ஒப்பிட்டால் பொருந்தாது. எந்த வகை அதிகம் என்ற விகிதத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

இன்ஸ்டாகிராம் போன்ற ஆப்பில் ஒரு லிங்கைத் தட்டி அதற்குள்ளேயே பக்கம் திறந்தால், அந்தப் பக்கத்தின் செலவும் பெரும்பாலும் அந்த ஆப்பின் பெயரில்தான் ஏறும். பட்டியலின் அடியில் Removed apps என்று ஒரு வரி சில போன்களில் தெரியும். நீக்கிய ஆப்கள் நீக்குமுன் செலவழித்தது அது. அது பெரிதாக இருந்தால், யாரோ ஒரு விளையாட்டை இறக்கி, விளையாடி, நீக்கியிருக்கிறார்கள் என்று வீட்டில் விசாரிக்கலாம்.

ஐபோன்காரர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. அங்கே மொபைல் டேட்டா பக்கத்தில் Current Period என்று இருப்பது மாதாமாதம் தானாகப் பூஜ்யமாகாது. கடைசியில் உள்ள Reset Statistics பொத்தானைத் தட்டிய நாளிலிருந்து ஓடும். யாரும் தட்டியதே இல்லையென்றால் அதில் வருடக்கணக்கான கணக்கு கிடக்கும். ரீசார்ஜ் அன்று தட்டும் வழக்கம் இல்லாமல் அந்தத் திரையிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மாற்றியபின் சோதித்தது

மார்ச் 26 அன்று ஒரு சிறிய டேட்டா கூப்பன் போட்டு, இரவு போட்டோஸ் வரியைக் குறித்துக்கொண்டோம்: 9.3. இரண்டு நிமிட 4கே வீடியோ எடுத்து, வைஃபை அணைத்து, மொபைல் டேட்டாவில் விட்டு வைத்தோம். போன் சார்ஜரில். காலையில் அதே 9.3. போட்டோஸ் ஆப் வைஃபைக்காகக் காத்திருப்பதாகக் காட்டியது. முன்னிருந்த அமைப்பு தொடர்ந்திருந்தால் இங்கே 0.7 ஜிபி கூடியிருக்கும். திரை உடனுக்குடன் புதுப்பிக்காது என்பதால் சில நிமிடத்தில் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம், ஓர் இரவு விடுங்கள்.

லேப்டாப்பை ஹாட்ஸ்பாட்டில் இரண்டு மணிநேரம் சும்மா விட்டதில் ஹாட்ஸ்பாட் வரி 3.9லிருந்து நகரவில்லை.

கடைசியாக Data warning & limit பக்கத்தில் எச்சரிக்கையை 12 ஜிபிக்கு வைத்தோம். வழக்கமாக எல்லோரும் 20, 22 என்று வைப்பார்கள். அது தீரப்போகிறது என்று சொல்லும், தப்பு நடக்கிறது என்று சொல்லாது. நாளுக்கு 0.77 என்றால் 12 ஜிபி ஆக 15, 16 நாள் பிடிக்கும். அதற்குமுன் எச்சரிக்கை வந்தால் அன்றே பட்டியலைத் திறந்து பார்க்கலாம். இந்த மாதம் அது இருந்திருந்தால் மார்ச் 16க்குள்ளேயே, எட்டாம் நாளே அடித்திருக்கும். டேட்டாவையே நிறுத்தும் வரம்பை 24ல் வைத்தோம், 25ல் இல்லை. கம்பெனி கணக்கு போன் கணக்கைவிட முந்தும் என்பதை இந்த மாதமே பார்த்தாயிற்று.

ஏப்ரல் 6 காலையில் சுழற்சித் தேதியை 6 ஆக மாற்ற போன் காலண்டரில் நினைவூட்டல் போட்டிருக்கிறது. அதற்கடுத்து மே 4.